முதல் இருபது ஊழியர்களுக்கு நிறுவனர் ஆற்றும் தொடக்க உரை: ஆவணங்கள், கணக்கு, தயாரிப்பு

காங்கயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியபோது, இயந்திரம், கடன், உரிமம் ஆகிய அனைத்துக்கும் வழிகாட்ட ஆட்கள் இருந்தார்கள். முதல் இருபது பேரை உட்கார வைத்து, "இந்த நிறுவனம் எதற்காக நடக்கிறது" என்று சொல்ல வேண்டிய உரைக்கு மட்டும் எவரிடமும் பயனுள்ள வழிகாட்டுதல் கிடைக்கவில்லை. மேடைப்பேச்சுப் பயிற்சி தருபவர்கள் குரலையும் கையசைவையும் பற்றிப் பேசினார்கள். எனக்குத் தேவைப்பட்டது வேறு. எந்தச் சொல் சட்டப்படி என்னைக் கட்டும், எந்த வாக்குறுதிக்கு மாதம் எவ்வளவு செலவாகும், எந்தக் காகிதம் கையில் வந்த பிறகு எதைச் சொல்லலாம் என்பவற்றை நானே ஒவ்வொன்றாகத் தேடிக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவற்றை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். எடுத்துக்காட்டு முழுவதும் கடலை எண்ணெய்த் தொழிலைச் சார்ந்தது. உங்கள் தொழில் வேறாக இருந்தால் பொருளையும் தொகையையும் மாற்றிக்கொள்ளுங்கள், வரிசையை மாற்ற வேண்டாம்.

1. நாள் குறிக்கும் முன் நான்கு காகிதங்களைக் கையில் வாங்குங்கள்

பலர் முதலில் நல்ல நாள் பார்க்கிறார்கள், பிறகு உரை எழுதுகிறார்கள், காகித வேலை பின்னால் வரட்டும் என்று விடுகிறார்கள். இருபது பேர் என்ற எண்ணிக்கைக்கு இது பொருந்தாது. இருபதாவது ஆள் வேலையில் சேரும் நாளில் நிறுவனம் வருங்கால வைப்பு நிதி விதிகளின் வரம்புக்குள் வந்துவிடுகிறது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்து உங்களிடம் மூட்டை தூக்குபவர்களும் அந்த எண்ணிக்கையில் சேர்வார்கள். ஒருமுறை வரம்புக்குள் வந்த பிறகு, ஆட்கள் குறைந்து பதினெட்டுப் பேர் ஆனாலும் வெளியேற முடியாது. இஎஸ்ஐ பத்துப் பேரிலேயே தொடங்கிவிடும் என்பதால் அது ஏற்கெனவே நடப்பில் இருக்க வேண்டும்.

முதல் காகிதம், ஒவ்வொருவருக்கும் தனித்தனி நியமன ஆணை. அதில் மொத்தச் சம்பளம், பிடித்தம், கையில் கிடைக்கும் தொகை ஆகிய மூன்றும் தனித்தனி வரிகளில் இருக்கட்டும். இரண்டாவது, வைப்பு நிதி மற்றும் இஎஸ்ஐ பதிவு எண்கள். பிரைவேட் லிமிடெட் நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் இவை இரண்டும் பதிவின்போதே கிடைத்திருக்கும். தனிநபர் நிறுவனமாகவோ கூட்டாண்மையாகவோ இருந்தால் தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஊழியரின் ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் உங்கள் பதிவில் உள்ள விவரத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால் அவருடைய வைப்பு நிதிக் கணக்கில் சிக்கல் வரும். இதைச் சரிசெய்ய நாள் பிடிக்கும் என்பதால், ஆதார் நகல்களை உரைக்கு மூன்று வாரம் முன்பே வாங்கிச் சரிபார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, உணவுப் பாதுகாப்பு உரிமம். அதன் பதினான்கு இலக்க எண் புட்டியின் சீட்டில் அச்சாகியிருக்க வேண்டும். நான்காவது, வணிகக் குறி விண்ணப்பத்தின் ஒப்புகை. சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பில் வரும். இணையவழி விண்ணப்பத்துக்குத் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழில் ஆகியோருக்கு வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய், மற்ற நிறுவனங்களுக்கு 9,000 ரூபாய். குறைந்த கட்டணத்தைப் பெற உத்யம் சான்று போன்ற ஆதாரத்தை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். விண்ணப்ப எண் அன்றே கிடைத்துவிடும், பதிவு அன்றே கிடைக்காது. ஆய்வு முடிந்து வணிகக் குறி இதழில் வெளியான பிறகு, எதிர்ப்புத் தெரிவிப்பவர்களுக்கு நான்கு மாத அவகாசம் தரப்படுகிறது. ஆகவே உரையில் "நம் பெயர் பதிவு செய்யப்பட்ட பெயர்" என்று சொல்லக் கூடாது; "பதிவுக்கு விண்ணப்பித்துள்ளோம்" என்றே சொல்ல வேண்டும். பெட்டியிலும் ™ குறியை இடலாம், ® குறியை இடக் கூடாது. பதிவாகாத பெயரைப் பதிவானதாகக் காட்டுவது 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி குற்றம். நீங்கள் மேடையில் சொன்னதை விற்பனைப் பையன் மறுநாளே கடைக்காரரிடம் அப்படியே சொல்வான் என்பதால்தான் இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.

இந்த நான்கும் வந்த பிறகு நாள் குறியுங்கள். முகூர்த்த நாளைத் தவிர்ப்பது நல்லது, பாதிப்பேர் கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள். சம்பள நாளுக்கு முந்தைய இரண்டு நாட்களும் உகந்தவை அல்ல; அப்போது எவருடைய மனமும் உரையில் இருக்காது.

2. நோக்கத்தை, எதைச் செய்யமாட்டோம் என்று தெரியும்படி எழுதுங்கள்

உரையின் உயிர் இந்த ஒரு வரிதான். இதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள்.

"தரமான, ஆரோக்கியமான எண்ணெயை மக்களுக்குத் தருவதே நம் நோக்கம்" என்று எழுதினால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கடலை பொறுக்கும் பெண் திங்கள்கிழமை காலையில் முறத்தின் முன் உட்காரும்போது, அந்த வரியை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. எந்த எண்ணெய் வியாபாரியும் இதே வரியைச் சொல்லலாம், கலப்படம் செய்பவரும் சொல்லலாம். ஆகவே நான் கைக்கொள்ளும் சோதனை எளியது: இந்த வரியின்படி நடந்தால் வருகிற மாதம் எந்தப் பணத்தை இழக்க வேண்டியிருக்கும் என்று கேளுங்கள். எதையும் இழக்க வேண்டியதில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிட்டு வேறு எழுதுங்கள்.

கடலை எண்ணெயில் அந்த இழப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஈரம் சரியாகக் காயாத நிலக்கடலையில் பூசணம் பிடிக்கும். அதில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு கல்லீரலைக் கெடுக்கக் கூடியது, புற்றுநோய்க்கும் காரணமாவது. பெரிய ஆலைகளில் எண்ணெயைக் காரத்தோடு சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அந்த நச்சில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. மரச்செக்கில் ஆட்டித் தெளிய வைத்து அடைக்கும் எண்ணெய்க்கு அந்தப் படி கிடையாது. "சுத்திகரிக்காத எண்ணெய்" என்று நாம் பெருமையோடு விற்பதால், பொறுக்கும் இடத்தில் தவறியதை அதன்பிறகு எந்தப் படியும் பிடித்துத் தராது. பொறுக்கும் பெண்ணின் கண்ணும் மூக்கும்தான் கடைசிக் காவல். பருப்பின் முனையில் பச்சையும் மஞ்சளும் கலந்த தூள், இரண்டாகப் பிளந்தால் நடுவில் கருமை, கை விட்டு அள்ளினால் ஈரப் பிசுபிசுப்பு, சாக்கின் வாயைத் திறந்ததும் எழும் பூசண வாடை ஆகியவை அவர் அறிந்த அடையாளங்கள். இவை தெரியாத மூட்டையிலும் நச்சு இருக்கலாம் என்பதால் கொள்முதல் தொகுதிகளிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பவும் வேண்டும். ஆனால் அன்றாடம் ஒவ்வொரு மூட்டையையும் பார்ப்பவர் அவர் ஒருவரே.

இன்னொரு செய்தியும் உண்டு. ஆட்டும்போது நச்சின் பெரும்பகுதி எண்ணெயில் அல்லாமல் புண்ணாக்கில் தங்கும். அந்தப் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலுக்கும் அதன் ஒரு பகுதி வந்து சேரும். ஆகவே கெட்ட மூட்டையை "மாட்டுக்குப் போகட்டும்" என்று தனியாக ஆட்டி விற்பதும் நமக்கு வழியாகாது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தபோது நோக்க வரி இப்படி அமைந்தது: "பூசணம் கண்ட மூட்டை நம் செக்கருகே வராது, ஆட்டிய நாள் நம் புட்டியில் மறையாது." இதில் ஆரோக்கியம், பாரம்பரியம் போன்ற சொற்கள் இல்லை. ஆனால் பொறுக்குபவர், செக்கு ஓட்டுபவர், புட்டி அடைப்பவர், விற்பவர் என நால்வரும் தாம் எதைச் செய்யக் கூடாது என்பதை இதிலிருந்து அறிவார்கள். இரண்டாவது பாதிக்கும் விலை உண்டு. ஆட்டிய எண்ணெய் தெளிய நாட்கள் ஆகும், அதன்பிறகே அடைப்போம். அடைத்த நாளை மட்டும் அச்சிட்டால் பீப்பாயில் தங்கிய பழைய எண்ணெயும் புதியதாகத் தெரியும். ஆட்டிய நாளையும் தனியே அச்சிடுவதென்றால், தேங்கிய எண்ணெயைக் கடைக்காரர் ஏற்க மறுப்பார், அந்த நட்டம் நம்முடையது.

"ஒரு கெட்ட பருப்புகூட வராது" என்று எழுதிவிடாதீர்கள். அது எவராலும் காக்க முடியாத வாக்கு. முதல் வாரத்திலேயே அது பொய்யாகிவிடும், பொய்யானதைப் பார்த்த ஊழியர் மற்ற வரிகளையும் நம்பமாட்டார்.

3. அந்த வரியின் மாதச் செலவைக் கணக்கிடுங்கள்

கணக்கு இல்லாமல் சொன்ன நோக்கத்தை மூன்றாம் மாதம் நிறுவனரே மீறுவார், ஏனெனில் அப்போதுதான் கடன் தவணையும் சரக்குக் கடனும் ஒன்றாக வந்து நிற்கும். ஆகவே உரைக்கு முன்பே கணக்குப் போட்டு, அந்தத் தொகையை விற்பனை விலைக்குள் ஏற்றிவிடுங்கள்.

எங்கள் அளவுள்ள ஆலைக்கு ஒரு கணக்கு இதோ. மாதம் 250 மூட்டை நிலக்கடலைப் பருப்பு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மூட்டை 80 கிலோ, கிலோ 120 ரூபாய் என்றால் ஒரு மூட்டை 9,600 ரூபாய். மரச்செக்கில் பருப்பின் எடையில் நாற்பது விழுக்காட்டுக்குச் சற்று மேல் எண்ணெய் கிடைக்கும் என்று கொண்டால், ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய 36 லிட்டர். மாதம் 10 மூட்டை நிறுத்தப்படுகிறது, அதில் 5 மூட்டையை மண்டிக்காரர் திரும்ப எடுத்துக்கொள்கிறார், 5 மூட்டை நம் தலையில் விழுகிறது என்றால் இழப்பு 48,000 ரூபாய். மீதி 240 மூட்டையில் வரும் எண்ணெய் 8,640 லிட்டர். லிட்டருக்கு ஆறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். இந்த ஆறு ரூபாயை விலையில் சேர்த்த பிறகே நோக்க வரியை உரையில் சேர்க்க வேண்டும்.

இழப்பைக் குறைக்கும் வழி மண்டியோடு செய்துகொள்ளும் எழுத்து ஒப்பந்தத்தில் இருக்கிறது. வண்டியிலிருந்து சரக்கு இறங்கும் முன் குத்தூசியால் மாதிரி எடுத்துப் பார்ப்போம், அதில் தேறாத மூட்டை இறங்காது, இறங்கிய பின் மூன்று நாட்களுக்குள் பொறுக்கும்போது தெரிந்தாலும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற மூன்று வரிகள் போதும். சரக்கு இறங்கிப் பணமும் கைமாறிய பின் பேசினால், "நூறு இருநூறு குறைத்துக்கொள்ளுங்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும், மூட்டை நம்மிடமே தங்கிவிடும். தங்கிய மூட்டை எப்படியோ செக்குக்குள் போய்விடும் என்பதைத் தொழிலில் உள்ள எவரும் அறிவார். ஆகவே தேறாத மூட்டைகளை வைக்கத் தனியறையும் பூட்டும், அவற்றை அழிப்பதற்கு ஒரு முறையும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

4. சம்பளப் பிடித்தத்தை உரையிலேயே சொல்லுங்கள்

நோக்கத்தைப் பேசும் இடத்தில் பிடித்தத்தைப் பேசலாமா என்று சிலர் தயங்குவார்கள். நான் பேச வேண்டும் என்ற கட்சி. பதினைந்தாயிரம் சம்பளம் என்று வாய்மொழியாகக் கேட்டுச் சேர்ந்தவர், முதல் மாதம் குறைவான தொகை வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்தால், எண்ணெயில் நேர்மை பேசிய நிறுவனர் சம்பளத்தில் மறைத்துவிட்டார் என்றுதான் நினைப்பார். அந்த எண்ணம் வந்துவிட்டால் நோக்க வரியை எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை.

சொல்ல வேண்டிய தொகை இவ்வளவுதான். 15,000 ரூபாய்ச் சம்பளத்தில் வைப்பு நிதிக்கு 12 விழுக்காடு, அதாவது 1,800 ரூபாய் பிடிக்கப்படும். இஎஸ்ஐக்கு 0.75 விழுக்காடு, அதாவது 113 ரூபாய். கையில் வருவது 13,087 ரூபாய். நிறுவனம் தன் பங்காக வைப்பு நிதிக்கு நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 13 விழுக்காடு, இஎஸ்ஐக்கு 3.25 விழுக்காடு செலுத்துகிறது. ஒருவருக்கு 2,438 ரூபாய், இருபது பேருக்கு 48,760 ரூபாய். இரண்டையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஊழியர் தம் கைப்பேசியிலேயே சரிபார்த்துக்கொள்ள முடியும் என்று தெரிந்தால் நம்பிக்கை கூடும்.

போனஸ் பற்றி மேடையில் தொகை சொல்ல வேண்டாம். இருபது பேர் உள்ள நிறுவனத்துக்குப் போனஸ் விதிகளும் பொருந்தும், குறைந்தபட்சம் 8.33 விழுக்காடு. ஆனால் புதிய நிறுவனங்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகளில், இலாபம் வந்த ஆண்டுக்கு மட்டுமே அந்தக் கடமை உண்டு. "சட்டப்படி தருவேன், இலாபக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை உங்களுக்குக் காட்டுவேன்" என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மையானது. "இந்த நிறுவனம் உங்களுடையதும்தான்" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். பங்குரிமை தரும் எண்ணம் இருந்தால் அதற்குரிய தீர்மானமும் காகிதமும் வந்த பிறகு சொல்லலாம்.

5. விளம்பரமாகிவிடும் சொற்களை நீக்குங்கள்

உரை உள்ளே நடந்தாலும் உள்ளேயே தங்காது. யாரோ ஒருவர் காணொளி எடுப்பார், வாட்ஸ்அப் நிலைத்தகவலில் வைப்பார், வாடிக்கையாளரும் பார்ப்பார். அப்போது அது விளம்பரம் என்றே கொள்ளப்படும். உணவுப் பொருள் பற்றித் தவறான விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

எண்ணெய்த் தொழிலில் மூன்று சொற்கள் எளிதில் வாயில் வந்துவிடும். ஒன்று, "கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்". எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இயல்பாகவே கிடையாது என்று சொல்லுமளவுக்குக் குறைவு. நம் எண்ணெய்க்கு மட்டும் உரிய சிறப்புபோல் சொல்வது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். சமையல் எண்ணெய்ச் சீட்டில் கொலஸ்ட்ராலை எதிர்க்கும், இதயத்துக்கு இதம் என்பது போன்ற தொடர்களை விதிகளே தடுக்கின்றன. இரண்டு, "ஆர்கானிக்". உரிய சான்று இல்லாமல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. விவசாயி மருந்து அடிக்கவில்லை என்று உங்களுக்கு நேரில் தெரிந்திருந்தாலும் அது சான்றாகாது. மூன்று, சர்க்கரை நோய், மூட்டுவலி தீரும் என்ற பேச்சு. இதை நீங்கள் சொல்லாவிட்டாலும், நல்லெண்ணெய் பற்றிப் பேசும்போது ஊழியர்கள் தாமாகவே சேர்த்துவிடுவார்கள். ஆகவே "வாடிக்கையாளர் நோய் பற்றிக் கேட்டால், மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்" என்ற வரியை உரையிலேயே வைத்துவிடுங்கள்.

6. உரையை எழுதுங்கள், பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்

நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொற்கள் வரை போகும். ஆயிரத்து இருநூறு சொற்களுக்குள் எழுதுங்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால், அவர்களில் தமிழ் நன்கு அறிந்த ஒருவர் பத்திக்குப் பத்தி இந்தியிலோ ஒடியாவிலோ சொல்ல வேண்டும், நேரம் இரட்டிப்பாகும். அப்படியானால் உரையைப் பாதியாகக் குறையுங்கள். மொழிபெயர்ப்பவரிடம் முதல் நாளே எழுத்துப் பிரதியைக் கொடுத்து, பூசணம், பிடித்தம் போன்ற சொற்களுக்கு அவர் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்டுவிடுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் நோக்க வரி, அடுத்து அதன் காரணம், பிறகு அதனால் ஒவ்வொருவர் வேலையிலும் மாறுவது, அதன்பின் சம்பளமும் பிடித்தமும், முடிவில் கேள்விகள். உங்கள் வாழ்க்கைக் கதையில் தொடங்க வேண்டாம். கேட்பவர்கள் இப்போதுதான் சேர்ந்தவர்கள், தங்கள் வேலை என்னவாகும் என்ற கவலையில் உட்கார்ந்திருப்பார்கள்.

நடுப்பகுதியில் நான் எழுதிய பத்தியைத் தருகிறேன், தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"பொறுக்கும் இடத்தில் இருப்பவர்கள் எந்த மூட்டையையும் நிறுத்தலாம். என்னிடமோ மேலாளரிடமோ கேட்க வேண்டியதில்லை. சிவப்புச் சீட்டைக் கட்டி, பதிவேட்டில் மூட்டை எண்ணையும் காரணத்தையும் எழுதினால் போதும். நிறுத்திய மூட்டை நல்லதாக இருந்துவிட்டாலும் எவர் மீதும் குறை சொல்லப்படாது, கூலியும் குறையாது. சீட்டை அவிழ்க்க இருவர் கையெழுத்து வேண்டும், அதில் ஒருவர் பொறுக்கும் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும்."

இந்தக் கடைசி வரி முதல் வரைவில் இல்லை. அது வந்த விதத்தை அடுத்த படியில் சொல்கிறேன்.

7. மூவருக்கு முன்கூட்டியே படித்துக் காட்டுங்கள்

கணக்கர், ஆலையில் மூத்த தொழிலாளி ஒருவர், விற்பனையில் இருப்பவர் ஒருவர். நண்பர்களிடமும் உறவினரிடமும் படித்துக் காட்டினால் பாராட்டுத்தான் கிடைக்கும்.

கணக்கர் தொகைகளைப் பார்ப்பார். விற்பனைக்காரரிடம், "இதைக் கேட்டபின் கடையில் என்ன சொல்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள், அவர் சொல்வதில் நீங்கள் சொல்லாதது ஏதாவது இருந்தால் உரையில் அந்த இடம் தெளிவாக இல்லை என்று பொருள். மிகுந்த பயன் மூத்த தொழிலாளியிடம்தான். பொறுக்கும் பிரிவில் மூத்தவரான அக்கா ஒருவரிடம் நான் படித்துக் காட்டியபோது, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்க நிறுத்துனதை ராத்திரி ஷிஃப்ட்டுல மேஸ்திரி அவுத்துக் கொட்டிட்டா என்னங்க அம்மணி பண்றது? காலைல வந்து நாங்க யார்கிட்டச் சொல்றது?" என்று கேட்டார். உரிமையைக் கொடுத்திருந்தேன், அதைப் பறிக்க முடியாதபடி செய்திருக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. "அவுக்கறதுக்கு உங்க ஆள் ஒருத்தர் கையெழுத்தும் வேணும்னு போட்டா சரியாங்க அக்கா?" என்று கேட்டேன். "அப்படின்னாச் சரிங்க, ஆனா ராத்திரிக்கும் எங்காளு ஒருத்தர் இருக்கோணும்" என்றார். அதன்படி இரவு முறைக்கும் பொறுக்கும் பிரிவிலிருந்து ஒருவரை அமர்த்தினோம். சட்டப்படி பெண்களுக்கான இரவுப் பணியில் ஒப்புதல், பாதுகாப்பு, வாகன வசதி என்ற நிபந்தனைகள் உள்ளன என்பதால், இதை உரையில் அறிவிக்கும் முன் உங்கள் தொழிலாளர் சட்ட ஆலோசகரிடம் பேசிவிடுங்கள்.

இந்தப் படிக்கு உரை நாளிலிருந்து குறைந்தது பத்து நாள் இடைவெளி விடுங்கள். கேள்வி ஒன்றால் உரையில் ஒரு வரி மாறுவது எளிது. அந்த வரிக்காக ஆலை நடைமுறை மாறுவதற்குத்தான் நாள் வேண்டும்.

8. உரை நாள் ஏற்பாடு

செக்கை நிறுத்திவிட்டு, வேலை நேரத்திலேயே, கூலியோடு கூட்டம் நடத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்வது தவறு. நாள் கூலி 600 ரூபாய், எட்டு மணி நேரம் என்றால் இருபது பேருக்கு இரண்டு மணி நேரத்துக்கு 3,000 ரூபாய் ஆகும். மதியச் சாப்பாடு ஆளுக்கு 120 ரூபாய் வீதம் 2,400 ரூபாய். அச்சுச் செலவும் தேநீரும் சேர்த்தாலும் ஏழாயிரத்துக்குள் முடிந்துவிடும். மேடை, பூமாலை, ஒலிபெருக்கி எதுவும் தேவையில்லை. இருபது பேருக்கு வட்டமாக நாற்காலி போட்டாலே குரல் கேட்கும்.

நியமன ஆணைகளை உரைக்கு முன் கொடுத்துப் படிக்க அவகாசம் தாருங்கள், கையெழுத்தை மறுநாள் வாங்கிக்கொள்ளலாம். உரை முடிந்த உணர்ச்சியில் கையெழுத்து வாங்குவது முறையல்ல. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கான உள்ளகக் குழு கட்டாயம் என்பதால், அதன் உறுப்பினர் பெயர்களையும் அன்றே அறிவித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி நேரத்தில் எவரும் வாய் திறக்காமல் இருப்பது இயல்பு. அதனால் துண்டுச் சீட்டு கொடுத்துப் பெயரில்லாமல் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி எழுதிக்கொள்ளட்டும். பதில் தெரியாத கேள்விக்கு, "வருகிற சனிக்கிழமைக்குள் பலகையில் எழுதுகிறேன்" என்று நாள் சொல்லி, அந்த நாளுக்குள் எழுதிவிடுங்கள்.

9. மறுநாள் முதல் மூன்று மாதம் வரை

உரையின் சுருக்கத்தை ஒரே பக்கத்தில், தேதியும் உங்கள் கையெழுத்தும் இட்டு, பொறுக்கும் இடத்திலும் அடைக்கும் இடத்திலும் ஒட்டுங்கள். நியமன ஆணையில் உள்ளதற்கு மாறான ஒரு சொல்லும் அதில் இருக்கக் கூடாது.

சிவப்புச் சீட்டுப் பதிவேட்டை வாரம் ஒருமுறை நீங்களே பாருங்கள். அது வெறுமையாக இருந்தால் கடலை மிக நன்றாக வருகிறது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். மழைக்காலத்துச் சரக்கில் ஒரு மூட்டைகூட நிற்கவில்லை என்றால், நிறுத்தப் பயப்படுகிறார்கள் என்பதற்கே வாய்ப்பு அதிகம். அந்த வாரம் பொறுக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். சந்தேகத்துக்குரிய மூட்டையை நீங்களே முதலில் நிறுத்தி, பதிவேட்டில் உங்கள் பெயரை எழுதுங்கள். மாறாக, நிற்கும் மூட்டை மாதம் இருபதைத் தாண்டினால் தவறு மண்டியில் இருக்கிறது. ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பேசப் போக வேண்டும், அல்லது மண்டியை மாற்ற வேண்டும்.

மூன்றாம் மாத முடிவில் நின்ற மூட்டை, திரும்பிய மூட்டை, அழித்த மூட்டை, அதன் மொத்தத் தொகை ஆகியவற்றை அதே இருபது பேருக்கும் படித்துக் காட்டுங்கள். லிட்டருக்கு ஆறு ரூபாய் என்று போட்ட கணக்கு எட்டாகியிருந்தால் விலையைத் திருத்துங்கள்; திருத்திய விலைப்பட்டியலைக் கடைகளுக்கு அனுப்பும் முன் விற்பனையில் இருப்பவர்களுக்குக் காரணத்தோடு சொல்லிவிடுங்கள்.